புது பேக்கரியின் திறப்பு வாரம்: ஏழு நாள் கேப்ஷன்களை எழுதும் முறை

புது பேக்கரியின் கேப்ஷனைப் படிப்பவர்களில் கடைக்கு வரக்கூடியவர்கள் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள்தான். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது கொஞ்சம்: கடை எங்கே, எப்போது திறந்திருக்கும், நான் போகும்போது என்ன கிடைக்கும். திறப்பு வாரத்தின் ஏழு நாள் கேப்ஷன்களும் இந்த மூன்றுக்குச் சரியான பதில் சொன்னால் போதும். சொல்லழகு பிறகுதான். பேக்கரியில் மூன்றாவது கேள்விக்குப் பதில் மணிக்கு மணி மாறுவதால் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. ஆகவே போனைக் கையில் எடுக்கும் முன் ஓவன் அட்டவணையை எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஓவன், பிறகு வாசகம்

ஒரு சிறிய கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை 7 மணிக்குத் திறப்பு. ஓவனில் ஒரு தடவைக்கு 12 பிரெட் அல்லது 48 பன் வைக்கலாம். பிரெட் வேக 35 நிமிடம், பன் வேக 15 நிமிடம். முதல் 12 பிரெட்டை 5:00-க்கு உள்ளே வைத்தால் 5:35-க்கு வெளியே வரும். அடுத்த 12 பிரெட் 5:50-க்கு உள்ளே போய் 6:25-க்கு வரும். பன் 6:40-க்கு வைத்து 6:55-க்கு எடுக்கலாம்.

வெளியே வந்ததும் பிரெட் விற்பனைக்குத் தயார் ஆகிவிடாது. உள்பக்கம் சூடாக இருக்கும்போது வெட்டினால் கத்தியில் ஒட்டும், துண்டு நசுங்கும், பாக்கெட்டில் போட்டால் ஆவி தண்ணீராகி மேல்தோல் நமத்துப்போகும். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆற வேண்டும். அப்படியானால் 7 மணிக்குக் கதவு திறக்கும்போது விற்கக்கூடியவை முதல் 12 பிரெட்டும் சூடான 48 பன்னும்தான். மீதி 12 பிரெட் 8 மணிக்குத்தான். இதை வைத்துப் பார்த்தால் ‘7 மணிக்குச் சூடான பிரெட்’ என்று எழுதுவது பொய்யாகிறது. ‘7 மணிக்குச் சூடான பன், 8 மணிக்கு இன்னும் ஒரு சுற்று பிரெட்’ என்பது அப்படியே உண்மை. எட்டு மணிக்கு வர நினைப்பவருக்கும் அது ஒரு காரணம் தருகிறது.

இலவசமாக எவ்வளவு கொடுப்பது என்பதும் இந்த அட்டவணையிலிருந்தே வர வேண்டும். ‘முதல் 50 பேருக்கு ஒரு பன் இலவசம்’ என்று உற்சாகத்தில் எழுதிவிட்டால், இருக்கும் 48 பன்னும் இலவசமாகவே போய்விடும். காசு கொடுத்து வாங்க வந்தவருக்கு ஒன்றும் இருக்காது. இந்தக் கடைக்கு 20 பேர் என்பது சரியான எண். 28 பன் விற்பனைக்கு மிஞ்சும்.

படிக்கும் நேரமும் போடும் நேரமும் வேறு

இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் போஸ்ட்டைப் போட்ட வரிசையில் காட்டுவதில்லை. வியாழக்கிழமை போட்டதை ஒருவர் சனிக்கிழமை மாலை பார்க்கலாம். அதனால் ‘நாளை’, ‘இன்று’, ‘இன்னும் இரண்டே நாள்’ ஆகிய சொற்கள் இந்த வாரம் முழுவதும் ஆபத்தானவை. வெள்ளிக்கிழமை போஸ்ட்டில் ‘நாளை காலை திறப்பு’ என்று இருந்து, அதை சனிக்கிழமை இரவு படிப்பவர் ஞாயிறன்று இலவசப் பன் கேட்டு வந்து நிற்பார். தவறு அவருடையது இல்லை. கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டோரியில் ‘இன்று’ என்று எழுதலாம். அங்கேயும் மணியைச் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது முதல் வரி. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் ஃபீடில் முதல் 125 குறிகள் போலத்தான் தெரியும். மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். தமிழில் இந்த இடம் கண்ணுக்குத் தெரிவதைவிட வேகமாகக் கரையும். புள்ளியும் கொம்பும் சுழியும் தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. ‘ரொட்டி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனின் கணக்கில் ஆறு. ஆகவே செய்தி முழுவதும் முதல் வாக்கியத்தில் முடிந்துவிட வேண்டும். கடையின் பெயரை அங்கே எழுத வேண்டியதில்லை, கணக்கின் பெயராக அது ஏற்கெனவே போஸ்ட்டோடு வந்துவிடும். ‘அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்’ என்ற தொடக்கமும் நல்ல இடத்தை வீணாக்கும்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். கல்லாவில் நிற்பவர் பேசும் மரியாதையான பேச்சுத்தமிழ் பேக்கரிக்கு நன்றாகப் பொருந்தும். நேரம், இடம், பொருட்பட்டியல் ஆகியவற்றை மட்டும் குறிப்பு நடையில் தனி வரியாக வைக்கலாம். ஒருநாள் ‘வருகை தந்து சிறப்பிக்குமாறு’, மறுநாள் ‘மக்களே ரெடியா’ என்று மாறினால் இரண்டு பேர் எழுதுவது போல இருக்கும்.

புதன்: கடை எங்கே

திறப்புக்கு மூன்று நாள் முன். சோதனைச் சுடல் ஒன்று முடிந்து, உரிமம் கையில் வந்த பிறகே தேதியை அறிவிக்க வேண்டும். ஓவன் இணைப்பு இழுத்தடித்துத் தேதி தள்ளிப்போனால், பழைய தேதி உள்ள படத்தை மற்றவர்கள் பகிர்ந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அதற்காகவே தேதியைப் படத்தின் மேல் எழுதாமல் கேப்ஷனில் மட்டும் எழுதுவது நல்லது. கேப்ஷனைப் பின்னர் திருத்தலாம், படத்தை முடியாது.

படம் பிரெட் படமாக இருக்க வேண்டாம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, பகல் வெளிச்சத்தில், பக்கத்துக் கட்டடமும் தெரியும்படி கடையின் முகப்பை எடுக்கவும். தினமும் அந்த வழியே போகிறவர் ‘ஓ, இந்த இடமா’ என்று கண்டுகொள்ள வேண்டும்.

> சனிக்கிழமை (14-ஆம் தேதி) காலை 7 மணிக்கு நூலகத்துக்கு எதிரே புது பேக்கரி திறக்குது.
>
> நீல ஷட்டர் போட்ட கடை, மருந்துக்கடைக்கு அடுத்தது. பிரெட், பன், குக்கி மூணும் இங்கேயே சுடறோம்.
>
> தினமும் காலை 7 முதல் இரவு 8 வரை. திங்கள் மதியம் 1 மணியோட முடிச்சுக்குவோம்.

முதல் வாக்கியம் 80 குறிகளைச் சற்றே தாண்டும், ஆகவே வெட்டுப்படாது. யாரும் தட்டிப் பார்க்காவிட்டாலும் எங்கே, எப்போது என்ற இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். இருப்பிடக் குறியைத் தவறாமல் சேர்க்கவும். ஹேஷ்டேக் இரண்டு மூன்று போதும், அதில் ஒன்று பகுதியின் பெயராக இருக்கட்டும். உலகம் முழுவதும் பிரெட் படம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் பொதுவான ஹேஷ்டேக்கால் வரும் பார்வையாளர் கடைக்கு வர மாட்டார்.

வியாழன்: ஒரே ஒரு பொருள்

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பட்டியலில் உள்ள அத்தனையையும் ஒரே போஸ்ட்டில் அடுக்குவது. பதினைந்து பொருளைப் படித்தவர் ஒன்றையும் நினைவில் வைத்திருக்க மாட்டார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். தேர்வுக்கு அளவுகோல் சுவை மட்டும் அல்ல. திறப்பு நாளில் அதிகம் செய்ய முடிந்த, கூட்டம் வந்தால் கூடுதலாகவும் சுட முடிந்த பொருளாக இருக்க வேண்டும். நம் உதாரணக் கடைக்கு அது பன். காலையில் பிரெட் 24 மட்டுமே. அதை நாயகனாக்கினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிப் பேர் ஏமாந்து திரும்புவார்கள்.

படத்தில் பன்னைப் பிட்டுக் காட்டவும். உள்பக்கம் தெரியாத பன் எல்லாக் கடைப் பன்னும் போலத்தான் இருக்கும். கேப்ஷனில் ‘சுவையான’, ‘தரமான’, ‘அன்போடு செய்த’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, கண்ணாலும் கையாலும் சரிபார்க்கக்கூடியதை எழுதவும்.

> பாலும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைஞ்ச பன். பிட்டா நூல் நூலா வரும், உதிராது.
>
> மாவு பிசைஞ்சு, ரெண்டு தடவை பொங்க விட்டு, சுட்டு எடுக்க மூணரை மணி நேரம் ஆகுது. 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 7 மணிக்கு முதல் ட்ரே சூடா வெளியே வரும்.
>
> இதில் உள்ளவை: கோதுமை மாவு, பால், வெண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட், உப்பு. மேலே எள். முட்டை சேர்ப்பதில்லை, ஆனால் முட்டை சேர்த்த குக்கியும் இதே ஓவனில்தான் சுடுகிறோம்.

கடைசி வரியை அலுப்பாக நினைத்து விட்டுவிடக் கூடாது. ‘முட்டை இல்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு அதே ட்ரேயில் முட்டை சேர்த்த குக்கி சுட்டால், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உடல் ஆபத்து, கொள்கைக்காகத் தவிர்ப்பவருக்கு நம்பிக்கைத் துரோகம். கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள், எள், சோயா ஆகியவற்றில் எது இருந்தாலும் பெயர் சொல்லி எழுத வேண்டும். ‘உடலுக்கு நல்லது’, ‘சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ போன்றவை கேப்ஷனில் வரவே கூடாதவை.

வெள்ளி: வருவதற்கான குறிப்பு

மாலை ஐந்து மணிவாக்கில் போடவும். மறுநாள் காலைக்கு என்ன என்று வீடுகளில் யோசிக்கத் தொடங்கும் நேரம் அது. இந்தக் கேப்ஷனைப் பேருந்து அட்டவணை போல எழுத வேண்டும். வர்ணனை எதுவும் வேண்டாம். இலவசத்தின் நிபந்தனை முழுவதும் ஒரே இடத்தில், சிறிய எழுத்தில் ஒளிக்காமல் இருக்க வேண்டும்.

> 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை 7 மணிக்கு வர்ற முதல் 20 குடும்பத்துக்கு ஒரு பன் எங்க கணக்குல.
>
> ஏதும் வாங்கணும்னு கட்டாயம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு. அந்த ஒரு நாளைக்கு மட்டும்.
>
> காலை 7: சூடான பன், முதல் 12 பிரெட்
> காலை 8: இன்னும் 12 பிரெட்
> மாலை 4: பன், பிரெட் இரண்டும் மறுபடி
>
> பணம், கார்டு, போன் மூலம் செலுத்துவது எல்லாம் சரி. வண்டியை நூலகத்தின் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்துங்க, கடை வாசல்ல வேண்டாம்.

‘முதல் 20 பேர்’ என்று எழுதியிருந்தால் நான்கு பேராக வரும் ஒரே வீட்டுக்கு நான்கு பன் கொடுக்க வேண்டியிருக்கும். ‘முந்துங்கள்’ என்ற அவசரம் இங்கே தேவையில்லை. எண்ணிக்கையைச் சொன்னாலே அவரவர் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். காலையில் வர முடியாதவருக்கு மாலை 4 என்ற வரிதான் அழைப்பு. அந்த மாலைச் சுற்றுக்கும் கணக்கு உண்டு: பிரெட் 2:00-க்கு உள்ளே போய் 2:35-க்கு வந்தால்தான் 4 மணி சுமாருக்கு ஆறி வெட்டத் தயாராகும்.

வண்டி நிறுத்தம் பற்றிய வரியை முதல் நாளிலேயே எழுதுவது பக்கத்துக் கடைக்காரரோடு வரும் முதல் சண்டையைத் தவிர்க்கும். அந்த இடத்தில் நிறுத்த அனுமதி உண்டா என்பதை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சனி: இரண்டு கேப்ஷன் தயாராக இருக்கட்டும்

முந்தைய மூன்று போஸ்ட்டையும் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடலாம். சனிக்கிழமை போஸ்ட்டுகளை அப்படிச் செய்யக் கூடாது. 10 மணிக்கு ‘சூடான பன் காத்திருக்கிறது’ என்ற போஸ்ட் தானாகப் போகும், கண்ணாடிப் பெட்டியோ 9:30-க்கே காலியாகியிருக்கும். வெள்ளிக்கிழமை இரவே இரண்டு வாசகங்களை எழுதி போனின் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு, நிலவரம் பார்த்துக் கையால் போட வேண்டும். மாவுக் கையோடு இருப்பவர் போடக் கூடாது. இதற்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி ஒதுக்கவும்.

காலை 7:15 அளவில் போடுவது இது:

> கதவு திறந்தாச்சு. சனிக்கிழமை 14-ஆம் தேதி, முதல் ட்ரே பன் காலை 6:55-க்கு வெளியே வந்துச்சு.
>
> அடுத்த 12 பிரெட் 8 மணிக்கு. இரவு 8 வரை கடை இருக்கும்.

இரண்டாவது, தீர்ந்துபோனால் போடுவது. இந்த ஒன்றை மட்டும் பலர் எழுதி வைப்பதில்லை. கூட்டத்துக்கு நடுவே எழுதும்போது ‘எல்லாம் விற்றுத் தீர்ந்தது, நன்றி!’ என்று பெருமையாக முடித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருப்பவருக்கு அது ‘வராதே’ என்றே கேட்கும். அடுத்தது எத்தனை மணிக்கு என்பதுதான் இங்கே முதல் வரி.

> அடுத்த சுற்று பன் சனிக்கிழமை 14-ஆம் தேதி காலை 11:30-க்கு. காலைச் சுற்று 9:30-க்கே முடிஞ்சுது, வந்து வெறும் கையோட திரும்பினவங்க மன்னிக்கணும்.
>
> குக்கி இப்போ இருக்கு. பிரெட் மாலை 4 மணிக்கு. உங்களுக்கு எடுத்து வைக்கணும்னா கடை நம்பருக்குக் கூப்பிடுங்க. மெசேஜ் இப்போ பார்க்க முடியாது.

11:30 என்ற நேரம் எங்கிருந்து வந்தது? பன்னுக்கு மூன்றரை மணி நேரம் வேண்டும், ஆகவே 8 மணிக்கே இன்னொரு மாவு பிசைந்திருந்தால்தான் இது சாத்தியம். 9:30-க்குப் பெட்டி காலியான பிறகு பிசையத் தொடங்கினால் 1 மணிக்குத்தான் பன் வரும். ஆக, இந்தக் கேப்ஷனைப் போட முடியுமா என்பது காலை 8 மணிக்கு எடுக்கும் முடிவு. 7:45-க்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பன் மீதி என்று பார்த்துவிடுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் பிசைந்துவிடலாம்.

மெசேஜில் ஆர்டர் வாங்குவதைத் திறப்பு நாளில் நிறுத்திவைப்பதும் வேண்டுமென்றே செய்வதுதான். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று மூன்று இடத்தில் வரும் ஆர்டரில் ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

நேரம் கடந்த பிறகு அந்தப் போஸ்ட்டை நீக்க வேண்டாம். கேப்ஷனைத் திருத்தி, மேலே ‘11:30 பன் வந்தாச்சு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கீழே கருத்துகளில் கேட்டவர்களுக்கும் அதே நேரத்தில் ஒரு வரிப் பதில்.

ஞாயிறு: நன்றி, கூடவே அட்டவணை

வெறும் நன்றி போஸ்ட்டை வந்தவர்கள் மட்டும் படிப்பார்கள். நன்றிக்கு ஒரு வரி, மீதியெல்லாம் அடுத்த முறை வருவதற்கான தகவல். வாடிக்கையாளரின் முகம் தெரியும் படம் போடுவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடவும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

> எங்க ஓவன் தினமும் மூணு நேரம் திறக்கும்: காலை 7 பன், காலை 8 பிரெட், மாலை 4 ரெண்டும். திங்கள் மட்டும் மாலைச் சுற்று இல்லை.
>
> சனிக்கிழமை வந்த எல்லாருக்கும் நன்றி. வரிசையில நின்னவங்க ‘எப்போ வந்தா கிடைக்கும்’னு கேட்டீங்க, அதுக்குத்தான் இந்த நேரம்.

திங்கள்: பிரெட்டை எப்படி வைப்பது

சனிக்கிழமை வாங்கியவர் வீட்டில் பிரெட் திங்களன்று கெட்டியாகத் தொடங்கும். ‘ரெண்டே நாள்ல காய்ஞ்சுபோச்சு’ என்று கருத்து வருவதற்கு முன் கடையே விளக்கிவிடலாம். பிறருக்கு அனுப்பவும் சேமித்து வைக்கவும் தோன்றுகிற கேப்ஷன் இந்த வாரத்தில் இதுதான். செய்தியும் பலருக்குப் புதிது: குளிர்சாதனப் பெட்டியில் பிரெட் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெட்டியாகும். மாவுச்சத்து மறுபடி இறுகுவது அந்தக் குளிரில் வேகமாக நடக்கும். உறைநிலையில் வைத்தால் அது கிட்டத்தட்ட நின்றுவிடும்.

> பிரெட்டை ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, வெளியில இருக்கிறதைவிடச் சீக்கிரம் கெட்டியாயிடும்.
>
> ரெண்டு நாளைக்குள்ள சாப்பிடறதா இருந்தா, துணியில சுத்தி மேடையிலேயே வைங்க. அதுக்கு மேலன்னா துண்டு போட்டு, காத்துப் புகாத பையில் ஃப்ரீசர்ல. எடுத்த துண்டை நேரா டோஸ்டர்லயோ சூடான கல்லுலயோ போடலாம்.
>
> பூசணம் ஒரு துண்டுல தெரிஞ்சாலும் முழுசையும் போட்டுடுங்க.

ஒரு எச்சரிக்கை: வெப்பமும் ஈரமும் மிகுந்த பருவத்தில் வெளியில் வைத்த பிரெட்டில் இரண்டாம் நாளே பூசணம் வரலாம். அப்போது ‘ரெண்டு நாள்’ என்பதை ‘ஒரு நாள்’ என்று மாற்றி எழுதவும். தன் கடைப் பிரெட்டை ஒரு பாக்கெட் வெளியிலேயே வைத்துப் பார்த்தவர்தான் இந்த எண்ணை எழுத வேண்டும்.

செவ்வாய்: அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே

திறப்பின் பரபரப்பு அடங்கும் நாள். முன்பதிவுக்கு அழைக்க இதுவே நேரம். எதை, எப்போதுக்குள், எப்படி என்று மட்டும் சொன்னால் போதும்.

> 21-ஆம் தேதி சனிக்கிழமைக்கு பிரெட் வேணும்னா, 20-ஆம் தேதி வெள்ளி மாலை 6 மணிக்குள்ள சொல்லிடுங்க.
>
> கடையில சொல்லலாம், இல்ல போன்ல. காலை 10 மணி வரை உங்க பேர்ல எடுத்து வைப்போம்.

காலையில் மொத்தம் 24 பிரெட் உள்ள கடை 12-க்கு மேல் முன்பதிவு எடுக்க வேண்டாம். மீதி நேராக வருகிறவருக்கு. 10 மணி என்ற கெடுவை எழுதாவிட்டால், வராதவரின் பிரெட் மாலை வரை அலமாரியில் தூங்கும்.

வாரம் முழுவதும் கல்லாவின் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, ‘போஸ்ட் பார்த்து வந்தோம்’ என்று சொல்பவர்களையும், எதைக் கேட்டார்கள் என்பதையும் கோடு போட்டுக் குறித்துவையுங்கள். லைக் எண்ணிக்கையில் தூரத்து நண்பர்களும் சொந்தக்காரர்களும் கலந்திருப்பார்கள். இந்தத் தாளில் கலக்க மாட்டார்கள். வியாழக்கிழமைப் பன்னுக்கு 200 லைக் வந்து தாளில் இரண்டே கோடு இருந்தால், படம் பிடித்திருக்கிறது, இடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். அடுத்த போஸ்ட்டில் இடத்தை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அது ஏதோ ஒரு கேப்ஷனில் விடுபட்ட தகவல். பழைய போஸ்ட்டைத் திறந்து அங்கேயே சேர்த்துவிடலாம்.

வாரம் முடிந்ததும் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேலே மூன்று போஸ்ட்டைப் பொருத்தி வைக்க முடியும். புதன், ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்றும் அதற்கு ஏற்றவை: இடம், நேரம், பிரெட்டை வைக்கும் முறை. பொருத்தும் முன் புதன்கிழமைக் கேப்ஷனில் இருக்கும் திறப்புத் தேதியை எடுத்துவிட்டு, வழக்கமான கடை நேரத்தை முதல் வரிக்கு ஏற்றிவிடவும்.